ஹெச்.எம். கேட்ட ரிப்போர்ட்ல "கண்டறிந்தவை" பகுதி: எது ஆதாரம், எது என் அபிப்பிராயம்?

மன்னை_கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளியில கணக்கு எடுக்குறேன். ஒன்பதாம் வகுப்புல அக்டோபர், நவம்பர்ல பசங்க ஏன் இவ்ளோ ஆப்சென்ட், அரையாண்டுல கணக்கு மார்க் ஏன் விழுந்துச்சு, பார்த்து ஒரு ரிப்போர்ட் குடுங்கன்னு ஹெச்.எம். மேடம் கேட்டாங்க. பொங்கல் முடிஞ்சு எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல வைக்கப்போறாங்களாம். முன்னுரை, எப்படி தகவல் எடுத்தேன் அதெல்லாம் ஓகே ஆயிடுச்சு. "கண்டறிந்தவை"ன்னு நான் எழுதின பத்தி மட்டும் திரும்பி வந்துருச்சு. பத்தி இதுதான்:

"ஒன்பதாம் வகுப்பில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருகை மிகவும் மோசமாக உள்ளது. பெற்றோரின் அக்கறையின்மையாலும், அறுவடைக் காலத்தில் பிள்ளைகளை வயல் வேலைக்கு அனுப்புவதாலும் இந்நிலை ஏற்பட்டுள்ளது. இதன் விளைவாக கணக்குப் பாடத்தின் சராசரி காலாண்டில் 48-ஆக இருந்தது, அரையாண்டில் 41-ஆகச் சரிந்துள்ளது."

ஓரத்துல பென்சில்ல "இதுல ஆதாரம் எது, உங்க அபிப்பிராயம் எது, பிரிச்சு எழுதுங்க"ன்னு போட்டிருக்காங்க. ரிஜிஸ்தர பார்த்து எண்ணித்தானே எழுதினேன், இதுல எத பிரிக்கிறது?

நம்பர்_கார்த்தி

சார் சிம்பிள். "மிகவும் மோசம்"னு எழுதாம சதவீதம் போடுங்க. நம்பர் வந்துட்டா அது ஆதாரம், நம்பர் இல்லாதது அபிப்பிராயம். எங்க ஆபீஸ்ல எல்லா ரிப்போர்ட்டும் அப்படித்தான்.

தாளடி

நான் வாத்தியார் இல்ல, விவசாயி. அக்டோபர் நவம்பர்ல அறுவடையா? குறுவை அறுப்பு அக்டோபர் பாதியோட முடிஞ்சுரும், மழை பிடிச்சா மிச்சம் கிடக்கிறதும் வீணாப்போகும். நவம்பர்ல இங்க தாளடி நடவு, சம்பாவுக்கு களையெடுப்பு. பெரிய அறுப்பு தை மாசம்தான். அதுவும் இப்ப மெஷின் வந்து அறுத்துட்டுப் போகுது, ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு அந்த வயல்ல என்ன வேலை குடுப்பாங்கன்னு சொல்லுங்க. நீங்க யாரையாவது கேட்டீங்களா இல்ல டெல்டான்னாலே அறுவடைதான்னு எழுதிட்டீங்களா?

மன்னை_கணக்கு

தாளடி அண்ணே, ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. தனியா யார்கிட்டயும் கேக்கல.

கார்த்தி, நம்பர் இருக்கு. ரெண்டு செக்‌ஷனும் சேர்த்து 72 பேர். மழைக்கு கலெக்டர் லீவு விட்ட நாள், தீபாவளி லீவு எல்லாம் கழிச்சு 36 வேலை நாள். மொத்தம் 311 ஆப்சென்ட், அதாவது 12 சதவீதம். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் 5 சதவீதம்தான் இருந்துச்சு.

கமலா_குடந்தை

சார், நான் ரொம்ப வருஷம் டயட் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல இருந்தவ, இந்த மாதிரி ரிப்போர்ட் நூத்துக்கணக்குல திருத்தியிருக்கேன். உங்க பத்திய வாக்கியம் வாக்கியமா எடுத்து ஒண்ணு ஒண்ணுக்கும் ஒரே கேள்வி கேளுங்க: இத மறுக்கிற ஒருத்தர் வந்தா அவருக்கு எந்தத் தாளை எடுத்துக் காட்டுவீங்க?

"12 சதவீதம்"னா ரிஜிஸ்தர காட்டுவீங்க, அவரும் எண்ணிப் பார்த்துக்கலாம். அது ஆதாரம். "மிகவும் மோசம்"னா எத விட மோசம்னு கேப்பாங்க. அது எடை போட்டுச் சொல்றது, ரிஜிஸ்தர்ல இல்ல. "அக்கறையின்மை"க்கு காட்ட உங்ககிட்ட ஒரு தாளும் இல்ல, யாரோட மனசுக்குள்ளயோ இருக்குன்னு நீங்க வெளியில நின்னு சொல்றீங்க. அதையும் எஸ்.எம்.சி.யில, பாதிக்கு மேல பெத்தவங்களே உக்காந்திருக்கிற கூட்டத்துல, அவங்க முன்னாடியே வாசிக்கப்போறீங்க. உங்க ஹெச்.எம். திருப்பி அனுப்பினது நல்லதுக்குத்தான்.

"இதன் விளைவாக"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் எல்லாத்தையும் விட ஆபத்து. ரெண்டு உண்மைய பக்கத்துல வெச்சு நடுவுல ஒரு அபிப்பிராயத்த ஒட்டிட்டீங்க. ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கறதால நடுவுல இருக்கறது யாரு கண்ணுக்கும் படாது.

கார்த்தி தம்பி சொன்னது பாதி சரி. நம்பர் வேணும். ஆனா எந்த நம்பர எடுக்கிறோம், எதோட ஒப்பிடுறோம்னு முடிவு பண்றதுலயே அபிப்பிராயம் உள்ள வந்துரும். மழைக்காலத்த மழை கம்மியான மாசங்களோட ஒப்பிட்டா எந்த ஊர்லயும் கூடத்தான் தெரியும். போன வருஷம் இதே ரெண்டு மாசம் எவ்ளோன்னு பாத்தீங்களா?

மன்னை_கணக்கு

போன வருஷ ரிஜிஸ்தர் ஸ்டோர் ரூம்ல இருக்கு மேடம், சாவி வெச்சிருக்கிற க்ளார்க் லீவு. திங்கக்கிழமை பாக்குறேன்.

ஓய்வு_பெஞ்ச்

33 வருஷம் சர்வீஸ், அதுல 9 வருஷம் தலைமை ஆசிரியர். நான் சொல்றது கொஞ்சம் கசக்கும். ஹெச்.எம்.க்கு உங்க சதவீதம் எமிஸ்லயே தெரியும், அத மறுபடி எழுதிக் குடுக்க ஒரு வாத்தியார் வேண்டாம். ஏன் இப்படின்னு சொல்லத்தான் உங்கள கேட்டாங்க. பையன் முகத்த பார்த்தாலே வீட்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிற அனுபவம் இருக்கே, அது ஆதாரம் இல்லையா? எல்லாத்தையும் "பதிவின்படி, பதிவின்படி"ன்னு எழுதினா ரிப்போர்ட் கடைசியில பால் கணக்கு நோட்டு மாதிரி ஆயிடும், யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

கமலா_குடந்தை

ஐயா, அனுபவத்த தூக்கிப் போடச் சொல்லல. இடம் மாத்தி வைக்கச் சொல்றேன். "கண்டறிந்தவை" முடிஞ்சதும் "ஆசிரியர்களின் கருத்து"ன்னு தனியா ஒரு பத்தி, அதுல "வகுப்பாசிரியர் இருவரும் பாட ஆசிரியர் மூவரும் அறுவடை வேலை காரணமாக இருக்கலாம் என்றனர், பெற்றோரிடம் கேட்கப்படவில்லை"ன்னு எழுதலாம். அஞ்சு பேர் அப்படி சொன்னாங்கங்கிறது உண்மை, அதுக்கு நீங்க சாட்சி. சொன்ன விஷயம் உண்மையாங்கிறது வேற சங்கதி. அதே அஞ்சு பேரும் ஒரே ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் சொன்னத ஒருத்தர் கேட்டு சொல்றாங்கன்னா அது அஞ்சு சாட்சி இல்ல, ஒரு சாட்சி. தாளடி அண்ணன் இல்லேன்னா அறுவடைக் கதை அப்படியே கூட்டத்துக்குப் போயிருக்கும்.

எம்எட்_சுகன்யா

நானும் இதே கஷ்டத்துலதான் இருக்கேன், ஆய்வேட்டுல நாலாவது அத்தியாயம் கண்டறிந்தவை எழுதுறேன், கைடு டி டெஸ்ட் போடணும்னு சொல்றாங்க, 72 பேருக்கு டி டெஸ்ட் போடலாமா? எக்ஸல்லயே வருமா? யாராச்சும் மாடல் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்.

நம்பர்_கார்த்தி

சுகன்யா அது வேற சப்ஜெக்ட்ங்க, தனி இழை போடுங்க, வந்து சொல்றேன்.

கமலா மேடம், ஒப்பிடுறது பத்தி சொன்னது சரிதான். ஆனா மார்க் விஷயத்துல ஒப்பிட வழி இருக்கே? நிறைய லீவு போட்டவங்க மார்க் தனியா, மத்தவங்க மார்க் தனியா பாருங்க. லீவு போட்டவங்களுக்குத்தான் அதிகமா விழுந்திருக்குன்னா "இதன் விளைவாக"ன்னு தாராளமா போடலாம்ல?

மன்னை_கணக்கு

அதையும் பார்த்தேன் கார்த்தி. 311-ல 176 ஆப்சென்ட் 11 பேரோடது மட்டும். அந்த 11 பேர் சராசரி காலாண்டுல 39, அரையாண்டுல 30, அதாவது 9 மார்க் விழுந்திருக்கு. மீதி 61 பேருக்கு 50-லேர்ந்து 43, அதாவது 7. லீவு போட்டவங்களுக்கு கூடத்தான் விழுந்திருக்கு.

கமலா_குடந்தை

முதல்ல பெரிய விஷயத்த பாருங்க சார். ஒழுங்கா வந்த 61 பேருக்கும் 7 மார்க் விழுந்திருக்கே, அதுக்கு யார் லீவு காரணம்? அரையாண்டுக்கு பாடம் அதிகம், வினாத்தாள் வேற. ரெண்டு பரீட்சையும் ஒரே தராசு இல்ல. ஆக 48, 41 ரெண்டும் உண்மை, "சரிந்துள்ளது"ங்கிறதே கொஞ்சம் யோசிச்சு போடவேண்டிய வார்த்தை.

இன்னொண்ணு. அந்த 11 பேர்ல பரீட்சைக்கே வராதவங்க இருக்காங்களா? மார்க் லிஸ்ட்ல அவங்களுக்கு என்ன போட்டிருக்கு?

நம்பர்_கார்த்தி

ஆமா சார் அத பாருங்க. எக்ஸல்ல AB-ன்னு எழுத்துல இருந்தா சராசரி போடும்போது அது தானா விட்டுரும், 0-ன்னு இருந்தா சேர்த்துக்கும். கண்ணால தேடவேண்டாம், மார்க் D காலம்ல இருந்தா காலியா இருக்கிற செல்லுல இத போடுங்க:

```
=COUNTIF(D2:D73,0)
```

எத்தன ஜீரோன்னு வந்துரும். அதுல நிஜமாவே ஜீரோ வாங்கினவங்க யாரு, வராதவங்க யாருன்னு விடைத்தாள் கட்டப் பார்த்துத்தான் சொல்லணும்.

மன்னை_கணக்கு

2-ன்னு வருது. ரெண்டு பேரும் அந்த 11-லதான். விடைத்தாள் இல்ல, பரீட்சை எழுதவே இல்ல. ஆபீஸ்ல டைப் பண்ணும்போது 0 போட்டிருக்காங்க. காலாண்டுல அவங்க ரெண்டு பேரும் 33, 36.

அவங்கள எடுத்துட்டு மீதி 9 பேருக்கு போட்டா காலாண்டு 40, அரையாண்டு 36.7 வருது. 3.3 மார்க்தான் விழுந்திருக்கு. ஒழுங்கா வந்தவங்களுக்கு 7. என்னங்க இது, அப்படியே தலைகீழா ஆயிடுச்சே.

நம்பர்_கார்த்தி

அப்ப லீவு போட்டா நல்லதுன்னு எழுதுங்க சார் 😄

கமலா_குடந்தை

சிரிப்புக்கு சொன்னாலும் அங்கதான் பாடமே இருக்கு தம்பி. அப்படி எழுத மாட்டோம்ல? 9 பேர்ல ஒருத்தர் 20 மார்க் கூட வாங்கினாலே சராசரி ரெண்டுக்கு மேல நகரும். கம்மியா வாங்குறவங்களுக்கு விழ இடமும் கம்மி. அதே மாதிரி முதல்ல வந்த 9-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்த வெச்சும் எழுதியிருக்கக் கூடாது. நமக்குப் பிடிச்ச பக்கம் நம்பர் வந்தப்ப யாரும் ஜீரோவ தேடல, நானும் பழக்கத்துலதான் கேட்டேன்.

வருகைக்கும் மார்க்குக்கும் தொடர்பு இருக்குன்னோ இல்லேன்னோ இந்த தகவல வெச்சு சொல்ல முடியாதுன்னு ஒரு வரி எழுதுங்க. அந்த வரியும் கண்டறிந்ததுதான்.

நீடா_அம்மா

இத படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. நான் நீடாமங்கலம் பக்கம், என் பொண்ணு டவுன்ல ஒரு ஸ்கூல்ல ஒன்பதாவது. எங்க ஊருக்கு காலையில ஒரே டவுன் பஸ். அத விட்டா அடுத்தது ஒன்பதரைக்குத்தான். மழை நாள்ல அந்த முதல் பஸ் வந்தா உண்டு, இல்லன்னா இல்ல. பொண்ணு அடுத்த பஸ்ல போய் பத்தே காலுக்கு நின்னா அட்டென்டன்ஸ் போட்டாச்சுன்னு ஆப்சென்ட்டுதான். ஆனா சாயங்காலம் வரைக்கும் கிளாஸ்லதான் இருப்பா. மீட்டிங்ல வந்து எனக்கு அக்கறை இல்லன்னு சொன்னாங்க. வெயிட்டான பையை தூக்கிட்டு வயக்காட்டு ரோட்ல நடந்து பஸ்ஸுக்கு நிக்கிற புள்ளைய அக்கறை இல்லாமயா அனுப்புறோம்? சார் உங்க 11 பேர் எந்த ஊர்க்காரங்கன்னு பாத்தீங்களா?

கமலா_குடந்தை

அம்மா சொன்னதுல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டையும் உங்க ரிஜிஸ்தர்லயே சோதிச்சுப் பாக்கலாம் சார். நீங்க எண்ணினது காலை அட்டென்டன்ஸா, மதியமா? இன்னொண்ணு, அந்த 11 பேர் ஒரே நாள்ல சேர்ந்து வராம இருக்காங்களா, ஆளுக்கு ஒரு நாளா? காய்ச்சல், வீட்டு வேலைன்னா நாள் சிதறி இருக்கும். பஸ், வெள்ளம் மாதிரி பொதுவான காரணம்னா கொத்து கொத்தா விழும்.

மன்னை_கணக்கு

நேத்து ராத்திரி உக்காந்து பார்த்தேன். நான் எண்ணினது காலை மட்டும்தான்.

11 பேர்ல 9 பேர் ஒரே பஸ் ரூட், ஆத்துக்கு அந்தப்பக்கம். இந்த 9 பேர்ல ஆறு பேரோ அதுக்கு மேலயோ ஒரே காலையில சேர்ந்து வராத நாள் 36-ல 14. ஒரு பக்கம் பார்த்தா சிவப்பு மையில நேரா கீழ கோடு இழுத்த மாதிரி இருக்கு, ஒரு தேதிக்கு கீழ வரிசையா "ஆ" "ஆ"ன்னு. அந்த 14 நாள்ல 5 நாள் மதியத்துல பெரும்பாலானவங்க வந்திருக்காங்க. மத்த ரெண்டு பேருக்கு அந்த மாதிரி எதுவும் இல்ல, அவங்க நாள் சிதறித்தான் கிடக்கு.

தாளடி

அப்ப பஸ்தான் காரணம். முடிஞ்சுது. எழுதுங்க.

ஓய்வு_பெஞ்ச்

இதத்தான் நான் சொன்னேன். காரணம் கண்டுபிடிச்சாச்சு, தைரியமா எழுதுங்க, டெப்போ மேனேஜருக்கு ஒரு லெட்டரும் போடச் சொல்லுங்க.

கமலா_குடந்தை

அவசரப்படாதீங்க. அறுவடைய எடுத்துட்டு அந்த இடத்துல பஸ்ஸ ஒட்டினா பழைய பத்திதான், ஆள் மட்டும் மாறியிருக்கு. ரிஜிஸ்தர் சொல்றது, இவங்க சேர்ந்து வரல, சில நாள் மதியம் சேர்ந்து வந்தாங்க, அவ்ளோதான். பஸ் வரலையா, ரோட்ல தண்ணி நின்னுச்சா, ஊர்ல திருவிழாவா, சாவா, இல்ல நடவுக்கு அம்மா போனதால தம்பி தங்கச்சிய பாத்துக்க நின்னாங்களா, ரிஜிஸ்தருக்கு தெரியாது. அந்த 14 தேதிய எடுத்துட்டுப் போய் டெப்போவுல அன்னிக்கு அந்த ட்ரிப் ஓடுச்சான்னு கேளுங்க. பஸ் ஓடின நாள்லயும் புள்ளைங்க வரலன்னா பஸ் கதை பாதியில நிக்கும். அந்த 9 வீட்லயும் "ஏன் அனுப்பல"ன்னு கேக்காதீங்க, குத்தம் சொல்ற மாதிரி இருக்கும், "அன்னிக்கு காலையில என்ன நடந்துச்சு"ன்னு கேளுங்க.

இப்போதைக்கு கையில இருக்கறத வெச்சு நான் எழுதினா இப்படி:

"அக்டோபர், நவம்பரில் 36 வேலை நாட்களில், காலை வருகைப் பதிவேட்டின்படி, 72 மாணவர்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 8 அல்லது 9 பேர் வரவில்லை. பதிவான விடுப்புகளில் பாதிக்கும் மேல் 11 மாணவர்களைச் சேர்ந்தவை. அவர்களில் ஒன்பது பேர் ஒரே பேருந்துத் தடத்தில் வருபவர்கள். இவர்களில் ஆறு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராத காலைகள் 14. அவற்றில் ஐந்து நாட்களில் பெரும்பாலானோர் மதியப் பதிவில் வந்துள்ளனர்.

இது பொதுவான ஒரு தடையைச் சுட்டலாம் என்பது அறிக்கை தயாரித்தவரின் கருத்து. அந்தத் தடை எது என்பது இன்னும் விசாரிக்கப்படவில்லை."

முதல் பத்தியில "லாம்" வராது, ரெண்டாவதுல வரும். அத வெச்சே பிரிச்சுக்கலாம்.

நம்பர்_கார்த்தி

12 சதவீதத்த ஏன் எடுத்துட்டீங்க மேடம்?

கமலா_குடந்தை

எடுக்கணும்னு இல்ல, அட்டவணையில இருக்கட்டும். 12 சதவீதம்னா கூட்டத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு எல்லா புள்ளையும் கொஞ்சம் கொஞ்சம் லீவு போடுற மாதிரி தோணும். இங்க நடக்கறது அப்படி இல்ல. அதோட காலை மட்டும் எண்ணினது அந்த 12, மதியமும் சேர்த்து அரை நாளா கணக்கு போட்டா குறையலாம்.

முக்கியமா ஒண்ணு, நான் ரூட்னுதான் எழுதியிருக்கேன், தெருப் பேர் எழுதல. நம்ம பக்கம் தெருப் பேர சொன்னா ஜாதிய சொன்ன மாதிரி. 9 பேர்னா யாருன்னு கூட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்.

நீடா_அம்மா

மேடம் இதுல எனக்கு உடன்பாடு இல்ல. தெருப் பேர சொல்லலேன்னா அந்தத் தெருவுக்கு ரோடு யாரு போடுவா? மறைச்சு மறைச்சுத்தான் இப்படியே கிடக்கு.

கமலா_குடந்தை

நீங்க சொல்றது நியாயம்தான் அம்மா. ஹெச்.எம். கையில குடுக்கிற தாள்ல இருக்கட்டும், கூட்டத்துல வாசிக்கிறதுல வேண்டாம்னு நான் நெனைக்கிறேன். ஆனா வாசிக்காத தாளுக்கு எவ்ளோ மதிப்பு இருக்கும்னு நீங்க கேட்டா எனக்குப் பதில் இல்ல.

ஓய்வு_பெஞ்ச்

"விசாரிக்கப்படவில்லை"ன்னு எழுதினா ஹெச்.எம். "அப்ப போய் விசாரிங்க"ன்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டேன்.

மன்னை_கணக்கு

அதேதான் சார் நடந்துச்சு. இன்னிக்கு காலையில கமலா மேடம் எழுதினத கொஞ்சம் மாத்தி குடுத்தேன், ஹெச்.எம். படிச்சுட்டு "சனிக்கிழமை டெப்போவுக்கு நீங்களே போயிட்டு வந்துடுங்க"ன்னுட்டாங்க. காலையில லேட்டா வர்றவங்கள மதியம் வரைக்கும் ஆப்சென்ட்டாவே வெக்கணுமான்னு அவங்களே வகுப்பாசிரியர்கிட்ட கேட்டாங்க, அவர் ஆப்ல அப்பவே போட்டு அனுப்பிடணும், நான் என்ன பண்றதுன்னார். அது தனியா ஓடிட்டு இருக்கு. ஸ்டோர் ரூம் சாவி இன்னும் வரல.

எம்எட்_சுகன்யா

சார் கடைசியா டி டெஸ்ட் வேணுமா வேண்டாமா?